தலை மறைத்த பலகை

ஜனவரி 12

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில், திருச்செங்கோட்டைச் சேர்ந்த, பதினொன்றாம் வகுப்பு பயிலும் மித்ரனாகிய நான், இன்று சேலம் ரயில் நிலையத்தில், எனது தாய்மாமன் அர்த்தனாரி அவர்களுடன் நடந்த கடும் போட்டியில், மேல் படுக்கையைக் கைப்பற்றியுள்ளேன். மாமா எண்பத்தாறு கிலோ. நடுப் படுக்கையில் அவர் படுத்ததும் கீழே இருக்கிற அம்மாவுக்கு மேற்கூரை கொஞ்சம் இறங்கிவிட்டது.

போகிற ஊர் ராயகடா. ஒடிசா. பெயரில் கடா இருக்கிறதே, பிரியாணிக்குக் குறைவிருக்காது என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை.

அப்பா வரலை. தறி ஓடணும் என்றார். தறி ஒன்றும் ஓடலை, அப்பாதான் ஓடுகிறார்.

இந்த வருஷம் வீட்டில் பொங்கல் கிடையாது. அதனால்தான் அம்மா இந்த நாளைப் பிடித்தது. "ஊரே பொங்கல் வெக்கறப்ப நான் அந்த அடுப்பைப் பார்த்துட்டு உக்கார மாட்டேன். என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்று மாமாவிடம் சொல்லிவிட்டது.

"அங்க" என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதுதான் இந்தப் பயணத்தின் விசேஷம்.

விவரம் இதுதான். ஒரே தடவை எழுதுகிறேன். அண்ணன் பூபதி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தான். எங்க ஊர் போர் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றும். அண்ணனுக்கு ராடு மாற்றுகிற வேலை. போன புரட்டாசிக் கடைசியில் ஒடிசாவிலிருந்து ஒரு செல்ஃபி அனுப்பினான். பின்னால் ஒரு சுவர், சுவரில் பலகை, பலகை முழுக்க ஜிலேபி எழுத்து, நடுவில் இவன் தலை. "அம்மா, இங்க எங்க கையால தண்ணி வந்துருச்சு. ஊரே குளிச்சுது" என்று கூடவே ஒரு வாய்ஸ். அதற்குப் பிறகு காய்ச்சல். மலேரியா என்றார்கள். ஐப்பசியில் ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தான். வெள்ளைத் துணியில்.

அவ்வளவுதான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

அம்மாவுக்கு அந்தத் தண்ணியைக் குடிக்கணும். அவன் கடைசியாகப் போட்ட போரில் ஒரு வாய்.

ஜனவரி 13

ரயில். ஆந்திரா. ரயில். இன்னும் ஆந்திரா. மாமா தயிர்சாதம் சாப்பிட்டார். நானும்.

ஜனவரி 14

ராயகடா. கடா இல்லை, மலைதான் இருக்கிறது, நல்ல குளிர். லாட்ஜ் பெயர் சாந்தி. கொசுக்களுக்கு மட்டும் அது கிடைக்கிறது.

மாமா ரிக் டிரைவருக்குப் போன் போட்டார். டிரைவர் இப்போது மகாராஷ்டிரத்தில் வேறு வண்டியில் இருக்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டார், அம்மாவும் கேட்டது.

"ஏனுங்க, அந்த ஸ்கூல் பக்கத்துல போட்ட போர், எந்த ஊருங்க?"

"அண்ணா, ராயகடா சில்லாவுங்க. அது மட்டும் தெரியும். ஏஜெண்டு முன்னால பைக்குல போவான், நாங்க பின்னால போவோம். அந்த மாசத்துல மட்டும் எத்தனை போட்டோம்! எல்லா ஊரும் குடாங்க. இந்த குடா, அந்த குடா. பூபதி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, டக்கென்று நிறுத்திக்கொண்டார்.

ஏஜெண்ட் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

ஆக, கையில் இருப்பது அந்த ஒரே ஒரு போட்டோ. அண்ணனோட போன் ஆம்புலன்ஸிலேயே வந்தது. அம்மா அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த படம் மங்கல், ஆனால் அவன் போனில் இருக்கிற ஒரிஜினல் தெளிவாக இருக்கிறது. பெரிதாக்கினால் பெயின்ட் வழிந்த இடம்கூடத் தெரியும். லொக்கேஷனை ஆன் செய்து எடுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. பேட்டரி தீர்ந்துவிடும் என்று அணைத்து வைத்திருக்கிறான், கஞ்சப் பயல்.

கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கிற செயலியில் போட்டேன். முதல் தடவை: "பானை சட்டம் ஏழு." இரண்டாம் தடவை: "குதிரைக்கு அல்ல." மூன்றாம் தடவை அது ஒடியாவே இல்லை, பர்மா மொழி என்றது. மாமா சொன்னார், "மாப்ள, நீ படிச்சு என்ன பிரயோசனம்?" நான் சொன்னேன், "மாமா, நான் படிச்சது தமிழ் மீடியம். இது ஜிலேபி மீடியம்."

லாட்ஜ் மேனேஜர் கண்ணாடி போடாமல் போனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹிந்தியில் என்னவோ சொல்லித் திருப்பித் தந்தார். மாமாவும் ஒரு காலத்தில் ரிக்கில் ஓடியவர், அவர் ஹிந்தி ரிக் ஹிந்தி. அதில் தண்ணி, டீசல், பாறை மூன்றும் உண்டு, மற்றது கிடையாது. மேனேஜர் சொன்னது அந்த மூன்றில் இல்லை.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "மச்சம் இந்தக் கன்னத்துல இல்லையேடா" என்றது.

அழுதழுது கண் மங்கிவிட்டது என்று மாமா மெதுவாக என்னிடம் சொன்னார்.

அதே நாள், சாயங்காலம்

இணையத்தில் ஒரு குழு கண்டுபிடித்திருக்கிறேன். தெரியாத எழுத்தில் இருக்கிற பலகை, பத்திரிகை, கல்வெட்டு எதுவானாலும் போட்டோ போட்டால் தெரிந்தவர்கள் படித்துச் சொல்கிற குழு. காசு கிடையாது, சும்மா. ஒருத்தர் தாத்தா காலத்து மருந்து டப்பாவைப் போட்டிருக்கிறார். ஒருத்தர் கையில் பச்சை குத்திய பிறகு அர்த்தம் கேட்டிருக்கிறார். (அர்த்தம்: "தள்ளவும்.")

நான் அண்ணன் முகத்தை வெட்டிவிட்டு, எழுத்து தெரிகிற இரண்டு துண்டை மட்டும் போட்டேன். "ஒடிசா சுற்றுலா வந்திருக்கிறோம், இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

குழுவைப் பார்த்துக்கொள்கிறவர் உடனே கடிந்துகொண்டார். விதி உண்டாம். படத்தை வெட்டக் கூடாது, ஃபில்டர் போடக் கூடாது, எந்த மாவட்டம் என்று சொல்லணும், ஒரிஜினல் ஃபைலைத்தான் ஏற்றணும். சுற்றி இருக்கிறதும் துப்பு கொடுக்குமாம்.

அண்ணன் முகத்தை ஊருக்கெல்லாம் காட்ட மனசு வரலை. கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டு மாமாவோடு டீ குடிக்கப் போனேன். டீ சின்னக் கப். அதைவிடச் சின்ன மனசு எனக்கு என்று தோன்றியது. வந்து முழுப் படத்தையும் போட்டேன்.

ஜனவரி 15

இன்றைக்குத்தான் பொங்கல். நாங்கள் பூரி.

பதில் வந்துவிட்டது! இதிஸ்ரீ என்று ஒரு அக்கா. புவனேஸ்வரத்தில் பல் டாக்டருக்குப் படிக்கிறார்கள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழாக்கித் தருகிறேன்:

"தம்பி, இது கண்ணாடிப் படம். முன் கேமராவில் எடுத்திருக்கிறீர்கள், உங்கள் போன் அதைப் புரட்டியே சேமித்திருக்கிறது. எழுத்து எல்லாம் இடம் வலம் மாறி இருக்கிறது. எந்தச் செயலியாலும் இதைப் படிக்க முடியாது. புரட்டி அனுப்புங்கள்."

எடிட்டில் போய் ஒரு பட்டனை அழுத்தினால் ஆகிற வேலை! ஒடியா தெரிந்தவருக்குப் பார்த்ததுமே பிடிபட்டிருக்கிறது. எங்களுக்கு நேராக இருந்தாலும் ஜிலேபி, புரட்டினாலும் ஜிலேபி.

புரட்டினேன். எழுத்து மட்டுமா புரண்டது, சட்டைப் பாக்கெட்டும் இடது பக்கம் வந்தது. மச்சமும் பழைய கன்னத்துக்குப் போய்விட்டது.

அம்மாவிடம் காட்டினேன். "ஆமாம், இதுதான் அவன்" என்றது. மாமா எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் தண்ணி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அழலை. நான் யார்? மேல் படுக்கை வீரன்.

இதிஸ்ரீ அக்கா வரி வரியாக எழுதித் தந்தார்கள். முதலில் ஒடியா எழுத்து, அதன் கீழே உச்சரிப்பு இங்கிலீஷ் எழுத்தில், அதற்கும் கீழே பொருள். எது உறுதி, எது ஊகம் என்று தனித்தனியாக.

முதல் வரி: சரகாரி ப்ராதமிக வித்யாளய. அரசு ஆரம்பப் பள்ளி. உறுதி.

இரண்டாம் வரி: கேந்துகுடா. ஊர்ப் பெயர். உறுதி.

மூன்றாம் வரி: "கிராம பஞ்சாயத்து" என்பதன் சுருக்கம், பிறகு ஒரு தலை, தலைக்கு அந்தப் பக்கம் "பூர்".

கடைசியில் இப்படி: "கேந்து என்பது ஒரு மரம். குடா என்றால் ஊர். நீங்கள் சொன்ன மாவட்டத்தில் மரம் இருக்கிற இடமெல்லாம் ஒரு கேந்துகுடா இருக்கும். பஞ்சாயத்துப் பெயர் தெரிந்தால்தான் எது என்று சொல்ல முடியும். அந்த அழகான பையன் யார்? பாதி மாவட்டத்தைத் தலையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் நகர்ந்து நின்று இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்!" கூடவே சிரிக்கிற பொம்மை.

நான் என்ன பதில் போட்டேன் என்றால்: "எங்க அண்ணன். நகர மாட்டான். திமிர் பிடிச்சவன்."

அவர்கள்: "அப்படியானால் அவர் தலையில் ஒரு குட்டு வையுங்கள், என் சார்பாக."

நான்: "வெச்சாச்சு. முறைக்கிறான்."

எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் முறைக்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே, அதைத்தான் எழுதினேன். அதில் என்ன தப்பு?

ஜனவரி 16

இன்னொரு படம் இருக்கிறதா என்று அண்ணன் போன் முழுக்கத் தேடினோம். ரிக் மேல் ஏறி நிற்கிறது, சோறு பொங்குகிறது, தூங்குகிற டிரைவர் மூக்கில் மிளகாய் வைக்கிறது (அது என் ஐடியா, போனில் சொல்லிக்கொடுத்தது நான்). பலகை வேறெதிலும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா சாமி" என்று அம்மா திரையைத் தடவியது. விரல் பட்டுப் படம் பெரிசாகி, அவன் காது மட்டும் தெரிந்தது.

மதியம் இதிஸ்ரீ அக்கா வந்தார்கள், அதாவது அவர்களுடைய செய்தி வந்தது. கிளாஸ் முடிந்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். எந்த ஊர் எந்தப் பஞ்சாயத்தில் என்று அரசாங்கத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறதாம். அதில் "பூர்" என்று முடிகிற பஞ்சாயத்தில் உள்ள கேந்துகுடா இரண்டே இரண்டு. ஒன்று ராம்பூர் பஞ்சாயத்து, இன்னொன்று ஹரிபூர் பஞ்சாயத்து.

"உங்கள் அண்ணனின் தலைமுடிக்கு மேலே பாருங்கள். சிலிர்த்து நிற்கிற முடிக்கு நடுவில் ஒரு சின்ன வளைவு தெரிகிறது. பெயின்ட்டர் அதை நீட்டிப் போட்டிருக்கிறார். எங்கள் எழுத்தில் 'இ' ஓசைக்கு எழுத்தின் தலையில் அப்படி ஒரு வளைவு வரும். ராம்பூரில் அதற்கு வேலை இல்லை. ஹரிபூரில் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு ஹரிபூர். மீதிப் பத்துக்கு அவர் முடி வெட்டியிருக்கணும்."

முடி வெட்டு முடி வெட்டு என்று அம்மா போனில் கத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்டியிருந்தால் அந்த வளைவு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். அவனா கேட்பான்.

பல் டாக்டரா, பலே டாக்டரா! சொத்தைப் படத்துக்கு வேர் வரைக்கும் போய் வைத்தியம் பார்த்துவிட்டார்கள். இதை அப்படியே இங்கிலீஷில் அனுப்ப முயன்றேன். இங்கிலீஷில் சிரிப்பு வரலை.

"நாளைக்குப் போகிறோம்" என்றேன்.

"அண்ணனும் வருகிறாரா?"

"அவன் ஏற்கெனவே அங்கேதான் இருக்கான்" என்று தட்டினேன். அனுப்பலை. அழித்துவிட்டு "ம்" என்று போட்டேன்.

ஜனவரி 17

ஜீப். மலை. ரோடு போட்ட இடமெல்லாம் ரோடு, மிச்சமெல்லாம் முதுகுவலி.

இருந்தது. மஞ்சள் சுவர், நீலப் பலகை, அதே வழிந்த பெயின்ட். பஞ்சாயத்துப் பெயர் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன எழுத்தில். இதிஸ்ரீ அக்கா அனுப்பியதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். ஹ, ரி, பூ, ர். அந்த ரி தலையில் வளைவு.

பலகைக்கு எதிரே அடிபம்ப். சுற்றி சிமெண்ட்டு மேடை புதுசு. வண்டி நின்ற இடத்தில் போர் மண் இன்னும் சாம்பல் குவியலாகக் கிடந்தது. மாமா குனிந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "கருங்கல்லு. லேசுல வந்திருக்காது தண்ணி" என்றார். பிறகு மண்ணைக் கீழே போடாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஒரு பொம்பளை குடத்தோடு வந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்து, கேட்காமலே பம்ப்பை அடித்தார். தண்ணி கரகரவென்று வந்தது. அம்மா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தது. குடிக்கலை. கையில் இருக்கிற தண்ணியைப் பார்த்துக்கொண்டே நின்றது. அது விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்தது. அந்தப் பொம்பளை மறுபடி அடித்தார். மறுபடி ஒழுகியது. மூன்றாவது தடவைதான் குடித்தது.

"இரும்பு வாசம் அடிக்குது" என்றது.

மாமா போனைக் காட்டினார். அந்தப் பொம்பளை படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையை மேலே தூக்கி, தண்ணி பீய்ச்சி அடித்ததைக் காட்டி, ஆடிக் காட்டினார். அவன் ஆடியிருக்கிறான்! இடுப்பை இப்படி இப்படி ஆட்டியதுகூட அச்சு அசல் அவன்தான், எங்க ஊர்க் கோயில் நோம்பிக்கு ஆடுகிற ஆட்டம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கே அவன் என்பதுபோல் கையை விரித்தார்.

மாமாவின் ரிக் ஹிந்தியில் அதற்கு வார்த்தை இல்லை.

அம்மா அந்தப் பொம்பளை கையைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு பேரும் அந்த ஈர மேடையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் மொழி ஒருத்தருக்குத் தெரியாது. பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நான் பலகையை முழுசாக ஒரு படம் எடுத்தேன். பின் கேமராவில். முன்னால் யாரும் இல்லாமல்.

ஜனவரி 18

அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, தலைப்பில் "தீர்ந்தது" என்று மாற்றினேன். விதி அதுதான். விடை சரிதானா என்று காட்டினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவுமாம்.

இதிஸ்ரீ அக்கா முதல் ஆளாக: "ஹரிபூர்! தொண்ணூறு நூறாகிவிட்டது. அப்பாடா, கடைசியில் உங்கள் அண்ணன் நகர்ந்துவிட்டார்!"

அதைப் படித்துவிட்டுக் கீழே போய் லாட்ஜ் வாசலில் கொஞ்சம் நின்றேன். மாடு ஒன்று போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்து ரொம்ப நன்றி என்று இங்கிலீஷில் போட்டேன். அவர்கள் விடலை:

"இங்கிலீஷ் நன்றி வேண்டாம், தினமும் கிடைக்கிறது. உங்கள் எழுத்தில் ஒரு நன்றிக் குறிப்பு எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். தாளில், கையால். என்னோடு படிக்கிற காரைக்கால் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் படித்துச் சொல்லச் சொல்வேன். நான் உங்களுக்குப் படித்தேன், எனக்கு ஒருத்தி படிக்கட்டும். அந்தத் தலைக்காரரே எழுதினால் இன்னும் நல்லது. மறைத்ததற்கு அபராதம்!"

இதெல்லாம் ஒரு வேலையா? தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவன் நான். எங்க தமிழ் ஐயாவுக்கே அடைமொழி வைத்தவன்.

ஜனவரி 19

திரும்புகிற ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ரெண்டு பக்கம். அபாரம். இதோ ஒரு பகுதி:

"பல்லாண்டு வாழ்க பல் டாக்டர் அவர்களே! நான்தான் அந்தத் தலை. என் தலை மறைத்ததை உங்கள் மூளை திறந்தது. நகரச் சொன்னீர்கள், நான் நகரத்தான் அல்ல, கிராமத்தான், அதனால் நகரவில்லை. என் தம்பி என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய். அவன்தான் திமிர் பிடித்தவன். அடுத்த தடவை உங்கள் ஊர்ப் பக்கம் வண்டி வந்தால் உங்கள் காலேஜுக்கே வந்து வாயைத் திறந்து காட்டுகிறேன். இப்படிக்கு, தலைவன் பூபதி."

நாலு தடவை படித்தேன். அண்ணனே எழுதியது போல் இருந்தது. அவன் பேச்சு அப்படியே வந்திருந்தது. நிறுத்தவே பிடிக்காமல் மூன்றாம் பக்கம் ஆரம்பித்தேன்.

மாமா டீ வாங்கக் கூப்பிட்டார். தாளை சீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

நான் யோசிக்காதது ஒன்று. குழுவில் நடந்த பேச்சு முழுக்க இங்கிலீஷ். அம்மாவுக்குத் தெரியாது. இது தமிழ்.

டீயோடு வந்தால் அம்மா கையில் தாள்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தது. முந்தானையை வாயில் வைத்து, தோள் குலுங்க. ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கலை. "நகரத்தான் இல்லையாம்... இவன் இப்படித்தான் பேசுவான்..." என்றது. நானும் சிரித்தேன். அப்புறம் தோள் குலுங்குகிறது நிற்கலை. முகம் மட்டும் மாறிவிட்டது.

மாமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?" என்று அம்மா கேட்டது.

"தெரியாதும்மா."

"ஏன் சொல்லலை?"

பதிலுக்கு ஒரு ஜோக் தேடினேன். எப்போதும் கைவசம் ரெண்டு மூன்று இருக்கும்.

"இதை அனுப்பினா அந்தப் பொண்ணு அவனுக்குப் பதில் போடும்" என்றது அம்மா. "நீ மறுபடி அவனாட்டம் எழுதுவே. அது மறுபடி போடும். எத்தனை நாளைக்குக் கண்ணு?"

"ஒரு நாலு நாள்..."

"எங்கயோ ஒருத்தி மனசுல அவன் இன்னும் நடமாடிட்டு இருக்கான்னா எனக்கும் நல்லாத்தான் இருக்குது. நீ எழுதுனதைப் படிக்கறப்ப ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன்." தாளை மடித்தது. "ஆனா நான் தண்ணி குடிச்சுட்டனே. குடிச்சுட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு இருட்டுல தேடிக் குடுத்த வழி அது. அவளுக்குப் பொய்யையா குடுப்ப?"

மடித்த தாளைத் தன் பையில், பாட்டிலில் பிடித்து வந்த தண்ணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. கிழிக்கலை.

"வேற எழுது" என்றது. டீயை வாங்கிக் குடித்தது. ஆறிப்போயிருக்கும்.

ஜனவரி 20

வீடு. அப்பா தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தறிக்குப் போனார்.

ஜனவரி 21

எழுதி முடித்தேன். போட்டோ எடுத்தேன். பின் கேமராவில்தான், எனக்கென்ன பைத்தியமா. வெயிலில் வைத்து, நிழல் விழாமல், நாலு மூலையும் தெரிய, வெட்டாமல், ஒரிஜினல் ஃபைல். விதி தெரிந்தவன்.

இதோ பிரதி, வரலாற்றுக்காக:

"அன்புள்ள இதிஸ்ரீ அக்காவுக்கு, மித்ரன் எழுதுகிறேன். நீங்கள் படித்துச் சொன்ன ஊருக்குப் போனோம். அடிபம்ப் இருக்கிறது. எங்க அம்மா அந்தத் தண்ணியைக் குடித்தாங்க. படத்தில் இருக்கிற எங்க அண்ணன் பூபதி போட்ட போர் அது. நகர மாட்டான் என்று நான் உங்களிடம் சொன்னதற்குக் காரணம் திமிர் இல்லை."

(இங்கே ஒரு வரி. நோட்டில் இடம் போதாததால் விட்டிருக்கிறேன்.)

"நீங்கள் அவன் தலைமுடிக்குள் தேடி ஒரு வளைவைக் கண்டுபிடித்தீர்கள். அவன் முடியை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அம்மாவுக்கு அடுத்து நீங்கள்தான். குட்டு வைக்கச் சொன்னீர்கள். வைத்ததாகச் சொன்னது பொய். முடிந்திருந்தால் வைத்திருப்பேன். ரொம்ப நன்றி அக்கா."

தமிழில் இப்படி ஒரு நன்றிக் கடிதம் இதுவரை எழுதப்படலை என்று தைரியமாகச் சொல்லலாம். முழுக்க முழுக்க என் கைவண்ணம். ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் கிடையாது. அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 22

பதில் இல்லை.

ஜனவரி 23

வந்தது. குழுவில் இல்லை, தனிச் செய்தியாக.

"காரைக்கால் தோழி படித்துக் காட்டினாள். விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து கேட்டேன். மெதுவாகப் படிக்கச் சொன்னேன். அவளாலும் வேகமாகப் படிக்க முடியவில்லை. அவர் தலையைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்வதா, அவரைப் பற்றி அப்படிச் சிரித்துப் பேசக் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா தெரியவில்லை. படத்தை நான் அழிக்கமாட்டேன். நேராக்கியதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கணும். நடுவில் ஒரு வரி மட்டும் வேறு கையெழுத்து என்கிறாள் அவள். எழுத்து பெரிதாக, கோடு அழுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறதாம். அது யாருடையது?"

அப்படியெல்லாமா பார்ப்பார்கள்! பல்லைப் பார்க்கிறவர்களுக்குத் தோழிகளும் அப்படித்தான் அமைவார்கள் போல.

பதில் போட்டுவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அது அம்மா கையெழுத்து. "அவன் ஐப்பசி மாசம் இறந்துட்டான்" என்கிற வரி. அந்த இடம் வந்ததும் நான் பேனாவை மூடினேன், திறந்தேன், தண்ணி குடிக்கப் போனேன், வந்தேன். மூன்று தாள் வீணானது. தொண்ணூற்றெட்டு மார்க், அடைமொழி, கைவண்ணம் எல்லாம் அங்கே வேலைக்காகலை. அம்மாதான் பேனாவை வாங்கி எழுதிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தது.

நோட்டில் இடம் போதலை என்றேனே, அதுவும் பொய். அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது.